ஸ்டார்ட்டரை உயிரோட வெச்சுக்கறதும், அதை வெச்சு புளிக்காத இனிப்பு பிரெட் போடறதும்

கடை ஈஸ்ட் இல்லாம, மாவும் தண்ணியும் கலந்து ஜாடில புளிக்க வெச்சு வளர்க்கற ஸ்டார்ட்டரை மட்டும் வெச்சு சாதா பிரெட் போட்டுப் பழகினவங்க அடுத்து ஆசைப்படறது பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்ந்த, கையால பிச்சா நார் நாரா வர்ற இனிப்பு பிரெட்டுக்குத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். முதல் தடவை, சாதா பிரெட்டுக்கு போடற மாதிரியே தளதளன்னு இருந்த ஸ்டார்ட்டரை 100 கிராம் எடுத்து அப்படியே இனிப்பு மாவுல கலந்துட்டேன். சாதா மாவு அஞ்சு மணி நேரத்துல எழும்பற அதே அறைல இது ஒன்பது மணி நேரம் கழிச்சும் அசையவே இல்ல, ராத்திரி முழுக்க வெளியவே விட்டேன், காலைல கொஞ்சம் எழும்பி இருந்துச்சு, சுட்டேன். அடியில ஈரப்பசையா ஒரு பட்டை, வாயில வெச்சா தயிர் மாதிரி புளிப்பு. சர்க்கரை போட்ட பிரெட் புளிச்சா சாப்பிடவே முடியாது.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரிஞ்சுகிட்டா மீதி எல்லாம் சுலபம், அதனால அதை முதல்ல சொல்லிடறேன். ஸ்டார்ட்டர்ல ரெண்டு கூட்டம் சேர்ந்து வாழுது. ஒண்ணு காட்டு ஈஸ்ட், அதுதான் காத்து விட்டு மாவை எழுப்பும். இன்னொண்ணு லாக்டிக் பாக்டீரியா, அதுதான் புளிப்பு கொடுக்கும். சர்க்கரை ஈஸ்ட்டுக்கு சாப்பாடுதானே, நிறைய போட்டா இன்னும் வேகமா எழும்பும்னு நாம நினைப்போம், ஆனா ஒரு அளவுக்கு மேல அது அப்படியே தலைகீழா போயிடுது. சர்க்கரை தண்ணியை தன் பக்கம் இழுத்துக்கும், ஈஸ்ட் செல்லுக்குள்ள இருக்கற தண்ணியும் வெளிய இழுபடும், அதை சமாளிக்கறதுக்கே அதோட சக்தி போயிடும். மாவோட எடைல சுமார் 10 சதவீதத்துக்கு மேல சர்க்கரை போனாலே வேகம் குறையறதை நீங்களே பார்க்கலாம், இனிப்பு பிரெட்ல 15 சதவீதம் சாதாரணமா இருக்கும். ஈஸ்ட் திணறிகிட்டு இருக்கற அத்தனை மணி நேரமும் ஏற்கனவே மாவுல இருக்கற பாக்டீரியா புளிப்பை ஏத்திகிட்டே இருக்கும். அதான் எழும்பல, ஆனா புளிச்சிருச்சு.

இதுக்கு வழி, முந்தின ராத்திரியே ஸ்டார்ட்டர்ல கொஞ்சத்தை தனியா எடுத்து, கெட்டியா, சர்க்கரை போட்டு ஒரு தனி உருண்டை பண்ணி பழக்கிடறது. இதை நாங்க இனிப்பு ஸ்டார்ட்டர்னு சொல்லுவோம். அதுக்கு போறதுக்கு முன்னாடி, ஜாடில எப்பவும் இருக்கற தாய் ஸ்டார்ட்டர் நல்ல நிலைல இருக்கணும், அங்க கோட்டை விட்டா அடுத்தது எதுவும் வேலைக்கு ஆகாது.

தாய் ஸ்டார்ட்டரை பார்த்துக்கறது

புதுசா ஸ்டார்ட்டர் உருவாக்கறதை இங்க விவரமா சொல்லப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும், ஆரம்பிச்ச ரெண்டாவது மூணாவது நாள்ல பொங்கி வழியறதைப் பார்த்து ரெடி ஆயிடுச்சுன்னு நம்பிடாதீங்க, அது ஈஸ்ட் இல்ல, வேற பாக்டீரியா விடற காத்து, அடுத்த சில நாள் அப்படியே அடங்கி செத்த மாதிரி கிடக்கும், அப்புறம்தான் நிஜமான ஈஸ்ட் மேல வரும். இனிப்பு பிரெட்டுக்கு குறைஞ்சது ஒரு மாசம் வயசான, ஒவ்வொரு தடவை புது மாவும் தண்ணியும் கொடுத்து ஃபீட் பண்ணும்போதும் தவறாம ரெண்டு மடங்காவது எழும்பற ஸ்டார்ட்டர் வேணும்.

நான் ஜாடில வெச்சிருக்கறது மொத்தமே 50 கிராம்தான். பெரிய ஜாடி நிறைய வெச்சுக்கணும்னு அவசியமே இல்ல, மாவுதான் வீணாகும். ஒரு ஃபீட்டுக்கு 10 கிராம் பழைய ஸ்டார்ட்டர், 20 கிராம் தண்ணி, 20 கிராம் மைதா, அவ்ளோதான். தராசுல எடை போட்டுத்தான் பண்ணணும், ஸ்பூன் கணக்கு வேணாம், ஏன்னா மாவும் தண்ணியும் ஒரே ஸ்பூன்ல ஒரே எடை வராது. எப்பவாவது கொஞ்சம் மந்தமா தெரிஞ்சா 20 கிராம் மைதால 5 கிராமை முழு கோதுமை மாவா மாத்துவேன், ரெண்டு மூணு ஃபீட்ல சுறுசுறுப்பு வந்துடும்.

கலந்ததும் ஜாடில அது நிக்கற மட்டத்துல ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்க. அறை 25 டிகிரி கிட்ட இருந்தா இந்த அளவுல போட்டது அஞ்சாறு மணி நேரத்துல உச்சிக்கு வரும், 30 டிகிரின்னா நாலு மணி நேரத்துலயே வந்துடும், அதனால மணியை நம்பாம ஜாடியைப் பாருங்க. எழும்பிகிட்டு இருக்கும்போது மேல் பக்கம் லேசா மேடா குவிஞ்சு இருக்கும். அந்த மேடு தட்டையாகி, நடுவுல லேசா குழி விழ ஆரம்பிக்கறதுதான் உச்சி. அதுக்கு மேல விட்டா இறங்கும், இறங்கின தடம் கண்ணாடில கோடு கோடா ஒட்டியிருக்கும். உச்சில வாசனை லேசா பழ வாசனையும் தயிர் வாசனையும் கலந்து இருக்கும். வினிகர் மாதிரி குத்துச்சுன்னா நேரம் தாண்டிடுச்சு, நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வந்தா ரொம்ப நாளா பசில இருக்குன்னு அர்த்தம். சாகல, பசி மட்டும்தான், 5 கிராம் பழசுக்கு 25 தண்ணி 25 மாவுன்னு நிறைய சாப்பாடு கொடுத்து ரெண்டு மூணு தடவை ஃபீட் பண்ணினா சரியாயிடும்.

தினமும் சுடாதவங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம். ஃபீட் பண்ணி ஒரு மணி நேரம் வெளிய விட்டு, குமிழி வர ஆரம்பிச்சதும் உள்ள வெச்சா ஒரு வாரம் தாராளமா தாங்கும், மூடியை இறுக்கமா திருகாதீங்க, காத்து வெளிய போகணும். ரெண்டு மூணு வாரம் மறந்துட்டா மேல சாம்பல் நிறத்துல தண்ணி நிக்கும், அது கெட்டுப் போனதில்ல, ஊத்திட்டு ஃபீட் பண்ணுங்க. ஆனா ரோஸ் கலர்லயோ ஆரஞ்சு கலர்லயோ கோடு தெரிஞ்சாலோ, பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தாலோ, மேல சுரண்டிட்டு மீதியை காப்பாத்தலாம்னு நினைக்கவே கூடாது, மொத்தமா கொட்டிடணும். அந்த மாதிரி நாளுக்குத்தான் ஒரு காப்பு வேணும். நல்லா இருக்கற ஸ்டார்ட்டரை பேக்கிங் பேப்பர்ல மெல்லிசா தடவி, ஃபேன் காத்துல மொறுமொறுன்னு காய விட்டு, உடைச்சு காத்து புகாத டப்பால போட்டு வெச்சா மாசக்கணக்குல இருக்கும், தேவைப்படும்போது கொஞ்சம் தண்ணில ஊற வெச்சு மாவு சேர்த்து சில நாள் ஃபீட் பண்ணினா திரும்ப உயிர் வந்துடும். அடுப்பு, ஓவன்ல காய வைக்காதீங்க, சூட்டுல செத்துடும்.

இனிப்பு ஸ்டார்ட்டர்

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஸ்டார்ட்டரை நேரா இதுக்கு பயன்படுத்தாதீங்க. குளிர்ல கிடந்ததுல புளிப்பு சேர்ந்திருக்கும், ஈஸ்ட் மந்தமா இருக்கும். நான் சுடறதுக்கு முந்தின நாள் காலைல எட்டு மணிக்கு எடுத்து மேல சொன்ன அளவுல ஒரு ஃபீட், ரெண்டு மணிக்கு உச்சிக்கு வந்ததும் இன்னொரு ஃபீட், அது ராத்திரி எட்டரை வாக்குல உச்சில இருக்கும். அந்த 50 கிராம்ல 30 கிராம் எடுத்துட்டு, மீதி 20ல இருந்து 10 கிராமை வழக்கம் போல ஃபீட் பண்ணி ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிடுவேன். தாய் எப்பவும் தனியா பத்திரமா இருக்கணும், சர்க்கரை போட்ட எதையும் அந்த ஜாடிக்குள்ள திரும்ப போடக்கூடாது.

எடுத்த 30 கிராம்ல 40 கிராம் தண்ணியும் 18 கிராம் சர்க்கரையும் போட்டு கரைச்சு, 90 கிராம் பிரெட் மாவு சேர்த்து பிசைங்க. பிரெட் மாவு கிடைக்கலன்னா பாக்கெட்ல புரதம் 12 சதவீதம் கிட்ட போட்டிருக்கற மைதாவா பாருங்க. கெட்டியா இருக்கும், முதல்ல காஞ்ச மாதிரி உதிரும், தண்ணி பத்தலன்னு தோணும், சேர்க்காதீங்க, ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிசைஞ்சா ஒண்ணு சேர்ந்துடும். உருண்டையா உருட்டி நேரான ஒரு கண்ணாடி ஜாடில அழுத்தி வெச்சு மூடி, ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி வெளிய விடுங்க.

கெட்டியாவும் சர்க்கரையோடவும் இருக்கற இந்த இடத்துல பாக்டீரியா ஈஸ்ட்டை விட அதிகமா திணறும். அதனால புளிப்பு கம்மியா சேரும், ஈஸ்ட்டும் ராத்திரி முழுக்க சர்க்கரைக்கு பழகி, தாக்குப்பிடிக்கற ஈஸ்ட் பெருகி இருக்கும். காலைல நாம பெரிய மாவுல சர்க்கரை போடும்போது அதுக்கு அது புதுசா தெரியாது.

24, 25 டிகிரில பத்து மணி நேரம் போல ஆகும். கிட்டத்தட்ட மூணு மடங்கு எழும்பி, மேல குவிஞ்சு, பிச்சுப் பார்த்தா உள்ள வலை மாதிரி இருக்கணும், வாசனை இனிப்பா இருக்கணும். ரெண்டு மடங்குதான் வந்திருக்குன்னா காத்திருங்க. பன்னெண்டு மணி நேரம் ஆகியும் ஒன்றரை மடங்கை தாண்டலன்னா அன்னிக்கு பிரெட் போடற யோசனையை விட்டுடுங்க, தாய் இன்னும் தயாரா இல்லன்னு அர்த்தம், அதை ரெண்டு மூணு நாள் வெளிய வெச்சு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஃபீட் பண்ணிட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. இந்த இடத்துல பொறுமை இல்லாம போனா வெண்ணெய், முட்டை எல்லாம் வீண்.

மாவு பிசையறது

23க்கு 13 சென்டிமீட்டர் டின்ல ஒரு லோஃபுக்கு நான் போடற அளவு:

இனிப்பு ஸ்டார்ட்டர் முழுசும், 178 கிராம்
பிரெட் மாவு 300 கிராம்
பால் 140 கிராம்
முட்டை 1, ஓடு இல்லாம 50 கிராம்
சர்க்கரை 45 கிராம்
உப்பு 7 கிராம்
வெண்ணெய் 60 கிராம், உப்பு இல்லாதது

இனிப்பு ஸ்டார்ட்டர்ல இருக்கறதையும் சேர்த்தா மொத்த மாவு 405 கிராம், மொத்த சர்க்கரை 63 கிராம், அதாவது 15 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. முதல் தடவைலயே இதை 20க்கு 25க்கு ஏத்தாதீங்க, ஒவ்வொரு ஏத்தத்துக்கும் எழும்பற நேரம் கூடிகிட்டே போகும்.

ஸ்டார்ட்டரை சின்ன சின்னதா பிச்சு பால்ல போட்டு, முட்டை, சர்க்கரை, மாவு சேர்த்து, வெண்ணெயும் உப்பும் இல்லாம முதல்ல பிசைங்க. மிக்சர்ல ஆறு ஏழு நிமிஷம், கைன்னா பத்து பன்னெண்டு நிமிஷம். வெண்ணெயை ஏன் கடைசில போடறோம்னா, மாவு நல்லா ஈரம் குடிச்சு, அதை இழுபட வைக்கற க்ளூட்டன் உருவாகறதுக்கு முன்னாடியே கொழுப்பு போய் சுத்திகிட்டா அப்புறம் அந்த நார் வராது, எவ்ளோ பிசைஞ்சாலும் கேக் மாதிரி உதிரும். இருபது நிமிஷம் மூடி வெச்சுட்டு, உப்பைப் போட்டு, மெத்துன்னு இருக்கற, ஆனா உருகாத வெண்ணெயை கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. ஒரு துண்டு உள்ள போனதும் அடுத்தது. நடுவுல ஒரு கட்டத்துல மாவு வழவழன்னு பிரிஞ்சு கெட்டுப் போன மாதிரி தெரியும், அங்க பயந்து மாவு அள்ளிப் போட்டுடாதீங்க, விடாம பிசைஞ்சா திரும்ப சேர்ந்து பளபளன்னு வரும்.

போதுமான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன துண்டை எடுத்து விரலால மெதுவா விரிச்சு வெளிச்சத்துல பிடிங்க, கிழியாம மெல்லிசா சவ்வு மாதிரி விரிஞ்சு விரல் நிழல் தெரியணும். சாதா பிரெட்டுக்கு பாதி பிசைஞ்சு விட்டாலும் நீண்ட நேரத்துல தானா சேர்ந்துடும், இங்க அந்த வழி வேலைக்கு ஆகாது, நார் வேணும்னா இந்த சவ்வு வந்தே ஆகணும். மிக்சர் ஓடற சூட்டுல மாவு 28 டிகிரி தாண்டிச்சுன்னா வெண்ணெய் கசிய ஆரம்பிக்கும், அறை சூடா இருந்தா பாலை ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்து ஊத்துங்க.

எழும்ப விடறது

கடை ஈஸ்ட் குறிப்புல எல்லாம் ரெண்டு மடங்கு ஆகட்டும்னு போட்டிருப்பாங்க, முதல் கட்டத்துல இங்க அதுக்கு காத்திருக்க வேணாம். 26 டிகிரில மூணுல இருந்து நாலு மணி நேரத்துல பாதி, அதாவது அளவுல 40, 50 சதவீதம் ஏறியிருந்தா போதும். பெரிய பாத்திரத்துல அதை கண்ணால கணிக்கறது கஷ்டம், அதனால பிசைஞ்சதும் 40 கிராம் மாவை கிள்ளி ஒரு ஒல்லியான நேர் கிளாஸ்ல போட்டு அழுத்தி மட்டத்துல கோடு போட்டு மாவு பக்கத்துலயே வைங்க, அதைப் பார்த்தா தெரிஞ்சிடும். வடிவம் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தத் துண்டையும் மாவோட சேர்த்துடுங்க.

இங்க நேரத்தை இழுத்தா என்ன ஆகும்னா, புளிப்பு ஏற ஏற மாவுல இருக்கற என்சைம்கள் க்ளூட்டனை வெட்ட ஆரம்பிக்கும். முதல்ல இழுத்தா நீண்ட மாவு திடீர்னு ஒட்டும், சேறு மாதிரி கிழியும். அந்த நிலைக்கு வந்துட்டா திரும்பப் பிசைஞ்சு சரி பண்ண முடியாது, டின்ல போட்டு தட்டையான பிரெட்டா சுட்டு சாப்பிட வேண்டியதுதான்.

அப்புறம் மாவை மூணு சம பாகமா பிரிச்சு, பத்து நிமிஷம் விட்டு, ஒவ்வொண்ணையும் நீள்வட்டமா தேய்ச்சு பாய் சுருட்டற மாதிரி இறுக்கமா சுருட்டி, வெண்ணெய் தடவின டின்ல பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒட்டினா மாவு தூவறதை விட கையில துளி எண்ணெய் தடவிக்கறது நல்லது, சுருளுக்கு நடுவுல காஞ்ச மாவு மாட்டினா வெந்ததும் அங்க இடைவெளி விழும்.

ரெண்டாவது எழும்பல்தான் எல்லாரும் அவசரப்படற இடம். 27, 28 டிகிரில எனக்கு அஞ்சுல இருந்து ஆறு மணி நேரம் ஆகுது. சீக்கிரம் ஆகட்டும்னு சூடான இடத்துல வைக்கத் தோணும், 30 டிகிரிக்கு மேல கொண்டு போகாதீங்க, வெண்ணெய் உருகி மாவுல இருந்து வெளிய வரும், சுடும்போது அடியில எண்ணெய் தேங்கும். மூடின ஓவன்ல, ஓவனை ஆன் பண்ணாம, ஒரு கிண்ணம் வெந்நீர் வெச்சா போதும், சூடும் ஈரமும் கிடைக்கும். மாவு டின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழ வரைக்கும் வரணும், விரலால லேசா அழுத்தினா குழி மெதுவா, பாதி மட்டும் திரும்பணும். டக்குனு திரும்பினா இன்னும் நேரம் வேணும். திரும்பவே இல்லன்னா தாண்டிடுச்சு, உடனே ஓவனுக்குள்ள வைங்க.

சுடறது

ஓவனை 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடு பண்ணுங்க. ஒரு முட்டைல ஒரு ஸ்பூன் பால் விட்டு அடிச்சு மேல மெதுவா தடவி உள்ள வைங்க. சர்க்கரையும் பாலும் இருக்கறதால மேல சீக்கிரம் சிவக்கும், இருபது நிமிஷத்துலயே நல்ல கலர் வந்துடும், அதைப் பார்த்து வெந்துடுச்சுன்னு எடுத்துடாதீங்க, மேல ஃபாயிலை லூசா போட்டு மூடி இன்னும் பதினஞ்சு இருபது நிமிஷம் விடுங்க. தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல குத்திப் பார்த்தா 90ல இருந்து 93 டிகிரி காட்டணும். எடுத்ததும் டின்ல இருந்து உடனே வெளிய எடுத்துடணும், உள்ளயே விட்டா ஆவி தங்கி பக்கமெல்லாம் ஊறி, இடுப்பு ஒடிஞ்ச மாதிரி உள்ளே குழிஞ்சிடும். ஒன்றரை மணி நேரமாவது ஆற விட்டு வெட்டுங்க.

வெட்டினதும் உள்ள என்ன நடந்துச்சுன்னு பிரெட்டே காட்டும். அடியில ஈரமா அடர்த்தியா பட்டை, மேல பக்கவாட்டுல கிழிசல், அங்கங்க ஒண்ணு ரெண்டு பெரிய ஓட்டைன்னா ரெண்டாவது எழும்பல் பத்தல, அடுத்த தடவை ஒரு மணி நேரம் கூட விடுங்க. மேல சுருங்கி அமுங்கி, உள்ள ஓட்டைங்க பெருசா உதிரி உதிரியா இருந்தா நேரம் தாண்டிடுச்சு. உள்ளே நல்லா பஞ்சா இருக்கு ஆனா புளிக்குதுன்னா மாவுல தப்பு இல்ல, ராத்திரி போட்ட இனிப்பு ஸ்டார்ட்டர் உச்சி தாண்டி இறங்கியிருக்கும், இல்ல அதுக்கு எடுத்த தாயே புளிச்சதா இருந்திருக்கும்.

நான் இதை ஞாயித்துக்கிழமைல பண்றேன். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு இனிப்பு ஸ்டார்ட்டர், காலைல ஏழு மணிக்கு அது மூணு மடங்கு, எட்டு மணிக்குள்ள பிசைஞ்சு முடிச்சா பன்னெண்டு மணிக்கு சுருட்டி டின்ல, ஆறு மணிக்கு ஓவன். மழை பேஞ்சு அறை 22 டிகிரிக்கு இறங்கின ஒரு நாள் அதே மாவு ஓவனுக்குப் போக ராத்திரி ஒன்பது ஆயிடுச்சு, குழி டக்குனு திரும்பிகிட்டே இருந்ததால விடாம காத்திருந்தேன், பிரெட் நல்லாவே வந்துச்சு. அவ்ளோ நேரம் வீட்டுல இருக்க முடியாதவங்க, முதல் எழும்பல் முடிஞ்சதும் மாவை மூடி ஃப்ரிட்ஜ்ல ராத்திரி வெச்சுட்டு மறுநாள் சுருட்டலாம், வெண்ணெய் இறுகி இருக்கறதால சுருட்டறதும் சுலபம், ஆனா குளிர் இறங்க டின்ல ரெண்டு மணி நேரம் கூடுதலா ஆகும், லேசா புளிப்பும் ஏறும். பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல உள்ள விடாதீங்க.